405 யூனிட் 905 ஆனது எப்படி? கரண்ட் பில் எகிறினால் மின்வாரியத்துக்கு இப்படி கடிதம் எழுதுங்க

வழக்கமா 400 யூனிட் சுற்றி வரும் வீட்டுக்கு திடீர்னு 905 யூனிட்னு பில் வந்தா என்ன செய்வீங்க? பெரும்பாலானவர்கள் ஆபீஸுக்குப் போய் "ஏ.சி.கூட இல்லைங்க, இவ்வளவு எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். யூனிட் கணக்கோடு எழுதிய கடிதம் இருந்தால் அப்படித் திருப்பி அனுப்புவது கடினம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. 500 யூனிட் தாண்டினால் அதற்கு மேல் உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் கூடிவிடும். அதனால் ஒரே ஒரு இலக்கம் தப்பாகப் பதிவானாலும் தொகை எகிறிவிடுகிறது.

முதலில் மீட்டரைப் பாருங்க

ஒரு உதாரணம். ஜூன் 3-ல் மீட்டர் ரீடிங் 24,012. ஆகஸ்ட் 2-ல் 24,917 என்று பதிவு, ஆக 905 யூனிட். ஐந்து நாள் கழித்து வீட்டுக்காரர் மீட்டரைப் பார்த்தால் 24,451 தான் காட்டுகிறது! மீட்டர் பின்னால் ஓடாது. அப்படியானால் 24,417-ஐ 24,917 என்று பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சரியான உபயோகம் 405 யூனிட்.

டிஸ்பிளேயில் தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் மாறி மாறி வரும். kWh என்று காட்டும் எண்ணைத்தான் குறிக்கணும். அதை மீட்டர் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்க.

யூனிட் கணக்கு

வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். இந்த வீட்டில் 75 வாட்ஸ் ஃபேன் நான்கு, தினம் 12 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட். 60 நாளுக்கு 216. ஃபேன்தானே என்று விடுகிறோம், ஆனால் பில்லில் பாதி அதுதான்! ஃபிரிட்ஜ் நாளுக்கு 1.2 யூனிட் என்று வைத்தால் 72. தண்ணீர் மோட்டாருக்கு 30, டி.வி.க்கு 24, எல்.இ.டி. பல்புகளுக்கு 16, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 42. மொத்தம் 400.

இது தோராயம்தான், இதை மட்டும் வைத்து ஆபீஸில் வாதாட முடியாது. அதனால் இன்னொரு சோதனை: ஆகஸ்ட் 2-ல் 24,417 என்று வைத்தால், ஐந்து நாளில் ஓடியது 34 யூனிட். நாளுக்கு 6.8, 60 நாளுக்கு 408. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது. இதைத்தான் கடிதத்தில் எழுதணும்.

மாதிரி கடிதம்

பெறுநர்: உதவி மின் பொறியாளர், (உங்கள் பிரிவு அலுவலகம்)

பொருள்: மின் இணைப்பு எண் ______ – ரீடிங் பதிவில் பிழை – திருத்தக் கோருதல்

ஐயா / அம்மா,

மேற்கண்ட இணைப்புக்கு ஆகஸ்ட் 2 அன்று ரீடிங் 24,917 எனப் பதிவு செய்து, 905 யூனிட்டுக்கு பில் வந்துள்ளது. ஆனால் ஆகஸ்ட் 7 காலை 8 மணிக்கு மீட்டர் 24,451 மட்டுமே காட்டுகிறது (புகைப்படம் இணைப்பு). எனவே 24,417 என்பது 24,917 எனத் தவறாகப் பதிவாகியிருக்கலாம். சாதனங்களின் கணக்குப்படி எங்கள் உபயோகம் சுமார் 400 யூனிட் (தாள் இணைப்பு). சென்ற ஆண்டு இதே மாதங்களில் 412 யூனிட்.

மீட்டரை நேரில் மறுபடி பார்த்து, பில்லைத் திருத்தித் தருமாறும், அதுவரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், முகவரி, செல்போன் எண்)

இரண்டு பிரதி எடுத்துட்டு போங்க. ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிடுங்க. கடிதம் கொடுத்தாச்சு என்பதற்காக பில்லின் கடைசித் தேதி தானாகத் தள்ளிப்போகும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே போய் என்ன செய்யணும்னு கேட்டுடுங்க.

மீட்டரும் பில்லும் ஒத்துப்போனால்?

அப்போது ரீடிங் பிழை இல்லை, மேலே உள்ள கடிதம் உதவாது. வீட்டில் எல்லா சாதனங்களின் பிளக்கையும் பிடுங்கி, சுவிட்சுகளை அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்க. தொடர்ந்து மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது வேறு யாரோ உங்கள் லைனில் இழுத்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடணும். மின்னவில்லை, கணக்கும் இடிக்குது என்றால் மீட்டரைச் சோதிக்கக் கேட்டு எழுதலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

பிரிவு அலுவலகத்தில் நடவடிக்கை இல்லை என்றால், மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதியலாம். அடுத்து மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். முத்திரை வாங்கிய அந்தப் பிரதியை அங்கெல்லாம் முதலில் கேட்பார்கள்.