37 கண்டெய்னர்களும் அசையாத எண்ணும்

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. சுங்கச் சோதனைக்கும் பட்டுவாடாவுக்கும் துறைமுகத்துக்குள் இடம் போதாமல் போகவே, மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம் சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்கு நிலையங்கள் பெருகின. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் திறந்தது. இந்த யார்டுகளில் உள் தணிக்கை செய்பவர்கள் நெடுங்காலம் வாடகை பில், எடைச் சீட்டு, கேட் பதிவேடு ஆகியவற்றையே பார்த்தார்கள். மார்ச்சில் ஆண்டுத் திட்டம் போட்டால் அடுத்த மார்ச் வரை அதன்படிதான் வேலை நடக்கும். இடையில் யார்டு மாறினால் திட்டத்துக்குத் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்பவே முக்கிய இடர் குறியீடு, கே.ஆர்.ஐ., வந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு அளவு அது. நிர்வாகம் மாதந்தோறும் அதைக் கணக்கிடும்; பச்சை, மஞ்சள், சிவப்பு என எல்லை வைக்கும். தணிக்கையாளர் அதைப் படித்துத் தன் இடர் மதிப்பீட்டைத் திருத்துவார். எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். மணலியில் நடந்தது அதைக் காட்டுகிறது.

2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 740 டன் அமோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலி சரக்கு நிலையம் ஒன்றில் வைக்கப்பட்டது. வழக்கு ஓடியது, சரக்கு நின்றது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஏறத்தாழ 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான் ஊருக்கு இது நினைவு வந்தது. அந்த மாதமே ஏலத்தில் எடுத்தவர் ஐதராபாத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்.

அந்த ஐந்து ஆண்டுகளில் எந்தக் குறியீடு சத்தம் போட்டிருக்கும்? யார்டுகளில் வழக்கமாகப் பார்ப்பது சராசரித் தங்கல் நாள். அதைப் பெரும்பாலும் கேட்டை விட்டு வெளியேறிய கண்டெய்னர்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். வெளியேறாத பெட்டி அந்தச் சராசரிக்குள் நுழைவதே இல்லை. அடுத்தது, அபாயச் சரக்குக் கண்டெய்னர்களின் எண்ணிக்கை. அது 37ஆக வந்து 37ஆகவே நின்றால் போக்கு வரைபடம் சமதளமாக இருக்கும். மாற்றமில்லை, கவலையில்லை என்று படிப்பவர் கடந்துபோவார். உயர்ந்துகொண்டே போவது ஒன்றுதான்: யார்டில் கிடக்கும் மிகப் பழைய அபாயப் பெட்டியின் வயது. என் கணிப்பில், ஒரே ஒரு குறியீடுதான் வைக்க முடியுமென்றால் இதைத்தான் வைக்க வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே என்பதற்குச் சட்டமே அடையாளம் தருகிறது. இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அனுமதியுடன் விற்கலாம் என்கிறது சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. கைப்பற்றிய சரக்குக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. ஆனால் அபாயத் தன்மையுள்ள பொருளை வழக்கு முடியும் முன்பே அப்புறப்படுத்த 110(1A) உட்பிரிவில் இடம் உண்டு. ஆகவே "கேஸ் சரக்கு சார், நம் கையில் இல்லை" என்ற பதிலோடு தணிக்கையாளர் குறிப்பேட்டை மூடிவிடக் கூடாது. கேஸ் சரக்கைத் தனிப் பட்டியலுக்கு மாற்றி வயதுக் கணக்கிலிருந்து கழற்றிவிடுவதுதான் இந்தக் குறியீட்டை ஏமாற்றும் சுலபமான வழி. மாதாமாதம் இரண்டு பட்டியலின் கூட்டுத்தொகையையும் யார்டில் நேரில் எண்ணியதையும் ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

கற்பனையாக ஒரு யார்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் திட்டத்தில் அபாயச் சரக்குத் தணிக்கை ஜனவரிக்கு வைக்கப்பட்டது. நிகழ்வாய்ப்பு 2, பாதிப்பு 5, மதிப்பெண் 10. ஏப்ரலில் மிகப் பழைய அபாயப் பெட்டியின் வயது 22 நாள். மேயில் 53, ஜூனில் 83. 30ஐத் தாண்டியதும் மஞ்சள், 60ஐத் தாண்டியதும் சிவப்பு. தணிக்கையாளர் முதலில் எண்ணைச் சந்தேகிக்கிறார்: வெளியேறிய பெட்டியைப் பதிவில் மூடாமல் விட்டார்களா? யார்டுக்கே போய் பெட்டியின் எண்ணையும் அபாய ஒட்டியையும் பார்க்கிறார். பெட்டி இருக்கிறது, ஏலக் கோரிக்கை அனுப்பப்படவே இல்லை. நிகழ்வாய்ப்பு 4 ஆகிறது, மதிப்பெண் 20. ஜனவரித் தணிக்கை ஜூலைக்கு வருகிறது. பயணச் செலவுத் தணிக்கை ஜனவரிக்குப் போகிறது. இந்த மாற்றத்தைக் காரணத்தோடு தணிக்கைக் குழுவிடம் வைத்து ஒப்புதல் வாங்குகிறார். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக உள் தணிக்கைத் தரநிலைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பீடு வேண்டும், சூழல் மாறினால் திட்டமும் உரிய நேரத்தில் மாற வேண்டும் என்கின்றன.

வயதுக் குறியீட்டுக்கும் ஒரு நோய் உண்டு. ஒருமுறை சிவப்பானால் சிவப்பாகவே கிடக்கும். நாலாவது மாதம் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். அதனால் நிறத்தோடு, சிவப்பாகி எத்தனை மாதம் என்பதையும் எழுத வேண்டும். மூன்றைத் தாண்டினால் செயல்பாட்டு மேலாளரின் விளக்கம் போதாது. தணிக்கைக் குழுவின் கூட்டக் குறிப்பில் அது தனி உருப்படியாக ஏற வேண்டும். எல்லைக்கோட்டை வைப்பதும் பெட்டியை அப்புறப்படுத்துவதும் நிர்வாகத்தின் வேலையே. தணிக்கையாளரே கோடு போட்டால், நாளை அந்தக் கோட்டைத் தணிக்கை செய்ய ஆளிருக்காது.