கொடுப்பவர் யார்? தத்துச் சட்டத்தில் உறவுப் பிள்ளையும் அனாதைக் குழந்தையும்

இன்று அனாதைக் குழந்தையைத் தத்தெடுப்பதைச் சட்டம் போற்றுகிறது. பழைய இந்து சட்டத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. தத்து என்பது ஒரு தானம். தகப்பனோ தாயோ தன் கையால் கொடுக்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளையைக் கொடுக்க ஆளில்லை, ஆகவே தத்தும் இல்லை. குலவழக்கம் இருந்தால் மட்டுமே விலக்கு. எனவே தத்துப் பிள்ளை பெரும்பாலும் உறவுக்குள்ளிருந்தே வந்தது.

உறவிலும் ஒரு தடை இருந்தது. எந்தப் பெண்ணை மணப்பது முறையாகாதோ அவள் மகனைத் தத்தெடுக்கக்கூடாது என்று நூல்கள் விதித்தன. அதன்படி சகோதரியின் மகனும் மகள் வயிற்றுப் பேரனும் ஆகாது. சகோதரன் மகன்தான் உகந்தவன். தென்னிந்தியப் பிராமணரிடையே இதற்கு மாறான வழக்கம் நிலவியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1886இல் ஏற்றுக்கொண்டது. ஏட்டைவிட வழக்கம் வென்ற இடம் இது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. பெற்றோர் இறந்திருந்தால், நீதிமன்ற அனுமதியுடன் பாதுகாவலர் கொடுக்கலாம் என்றது. கைவிடப்பட்ட குழந்தைக்கும் பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தைக்கும் 1962 திருத்தம்தான் வழி திறந்தது. இந்து அல்லாதோருக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் ஆகும் உரிமை மட்டுமே இருந்தது. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் வழியே எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில், ஆதரவற்ற குழந்தையைப் பொறுத்தவரை கொடுப்பவர் அரசே. குழந்தைகள் நலக்குழு விசாரித்து, குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று அறிவிக்க வேண்டும்: இரண்டு வயதுக்கு உட்பட்டதற்கு இரண்டு மாதத்திற்குள், அதற்கு மேற்பட்டதற்கு நான்கு மாதத்திற்குள். தத்தெடுக்க விரும்புவோர் இணையதளத்தில் பதிந்து, தத்து நிறுவனத்தின் சமூகப்பணியாளர் வீட்டாய்வு செய்தபின், வரிசையில் காத்திருக்க வேண்டும். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைத் தவிர்த்து, ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவரிடமோ குழந்தையை வாங்கினால் மூன்றாண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

உறவுப் பிள்ளை விஷயத்தில் வரிசை இல்லை. யாருக்கு யார் என்பது முன்பே தெரிந்ததுதானே. அங்கே சட்டம் பார்ப்பது சம்மதத்தை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். அண்ணனும் அண்ணியும் விபத்தில் இறந்துவிட்டார்கள். ஏழு வயது மகன் தாத்தாவிடம் இருக்கிறான். அவனைத் தத்தெடுக்க நினைக்கும் அத்தைக்கு வயது 52, அவர் கணவருக்கு 57. இரண்டு மகன்கள் உண்டு. 1956 சட்டத்தின் கீழ் இது நடக்காது: மகன் இருப்பவர் இன்னொரு ஆண் குழந்தையைத் தத்தெடுக்க அது அனுமதிப்பதில்லை. இதை அறியாமல் பத்திரம் பதிவு செய்துவிட்டு, பின்னாளில் சொத்து வழக்கில் தோற்பவர்கள் உண்டு. பதிவு செய்த பத்திரம் ஓர் அனுமானத்தைத்தான் தரும். செல்லாத தத்தை அது செல்லுபடியாக்காது.

2015 சட்டத்தில் வழி இருக்கிறது. 2022 விதிமுறைகளின்படி, ஏழு வயது அந்நியக் குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது 100ஐத் தாண்டக்கூடாது, இவர்களுக்கு 109. உறவினருக்கு அந்த வரம்பு இல்லை, சொந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தடையில்லை. அவர்களும் இணையதளத்தில் பதிய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குடும்பப் பின்னணி அறிக்கை தயாரிக்கும். பெற்றோர் உயிருடன் இல்லாததால், கொடுப்பதற்குக் குழந்தைகள் நலக்குழுவின் அனுமதி தேவை. பையன் ஐந்து வயதைக் கடந்தவன் என்பதால் அவன் சம்மதமும் வேண்டும். 2022 செப்டம்பர் முதல் உத்தரவிடுபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். இரண்டு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் சட்டத்தின் பார்வையில் ‘உறவினர்’ என்றால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இருபுறத் தாத்தா பாட்டி மட்டுமே. ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை இதில் வராது. நம் உறவுமுறையின் விரிவுக்கு இது பொருந்தவில்லை என்பது என் கருத்து. அத்தகையோர் இந்துவாக இருந்தால் 1956 சட்டத்தை நாடலாம்; அதிலும் வழக்கம் இருந்தாலன்றி 15 வயது நிறைந்த பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது.

2015 சட்டத்தில் வாழ்க்கைத்துணையின் பிள்ளைக்கும் வயது வரம்பும் காத்திருப்பும் கிடையாது. சிக்கல் வருவது பிரிந்துபோன தகப்பனிடமிருந்து. விவாகரத்தானாலும் அவர் சம்மதம் தேவைப்படும். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை தத்து நகராது. அதனால் பலர் பள்ளியில் இனிஷியலை மாற்றிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். இனிஷியல் மாறியதால் அந்தப் பிள்ளை வாரிசாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தத்தெடுக்காத மாற்றாந்தந்தையின் சொத்தில், உயில் இல்லாவிட்டால் அதற்கு மகன், மகள் என்ற பங்கு இல்லை.