ஒரு சீட்டில் மூன்று சொற்கள்: பிராட்ஃபோர்ட் பேரி மரத்தின் கதை

அமெரிக்காவில் 1960களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமோகமாக விற்ற மரம் ஒன்று உண்டு. நர்சரியில் அந்தக் கன்றில் தொங்கும் சீட்டில் மூன்றே சொற்கள் இருக்கும்: பைரஸ் காலரியானா 'பிராட்ஃபோர்ட்'. இலை விடுவதற்கு முன்பே மரம் முழுக்க வெள்ளைப் பூ. இலையுதிர் காலத்தில் இலைகள் எல்லாம் கருஞ்சிவப்பு. முள் கிடையாது, சீக்கிரம் வளரும். முக்கியமாக, இது காய்க்காது. அதனால் நடைபாதையில் பழம் விழுந்து வழுக்காது. (பூவின் வாடை அழுகிய மீனைப் போல் இருக்கும் என்று பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அது வேறு விஷயம்!)

காய்க்காது என்று சொல்லி விற்ற அதே மரத்தை இன்று ஓஹையோ, பென்சில்வேனியா, தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் விற்கவே கூடாது என்று தடை செய்திருக்கின்றன. காரணம், அது காய்த்து, விதை பரப்பி, காடாக மண்டிவிட்டது. அப்படியானால் விற்றவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் சொன்னது சீட்டில் உள்ள மூன்றாவது சொல்லுக்கு உண்மை. இரண்டாவது சொல்லுக்கு உண்மை அல்ல. இந்த வித்தியாசத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சொல் பேரினம். பைரஸ் என்றால் பேரி மரங்களின் கூட்டம் முழுவதும். இரண்டாவது சொல் சிற்றினம். அந்தக் கூட்டத்தில் தமக்குள் இயல்பாக இனம் பெருக்கிக்கொள்ளும் ஒரு பிரிவு. செடிகளுக்கு இப்படி இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை முழுவதுமாகக் கையாண்டவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். ஆண்டு 1753. நாம் சாப்பிடும் ஐரோப்பியப் பேரிக்கு அவர் வைத்த பெயர் பைரஸ் கம்யூனிஸ். சீனாவில் காடாக வளரும் இன்னொரு பேரிக்கு, அதன் மாதிரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிய காலரி என்ற பாதிரியாரின் பெயரால், பிரெஞ்சுத் தாவரவியலாளர் டெகைன் 19ஆம் நூற்றாண்டில் பைரஸ் காலரியானா என்று பெயரிட்டார். இந்த இரண்டு சொற்களும் லத்தீன் வடிவில், சாய்ந்த எழுத்தில் அச்சாகும்.

மூன்றாவது சொல் மட்டும் நேரான எழுத்தில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் நிற்கும். அதுதான் கல்டிவர். நம் வழக்கில் ரகம். இந்தச் சொல்லை 1923ல் உருவாக்கியவர் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. மனிதன் தேர்ந்தெடுத்து, அதே குணத்தோடு பெருக்கிக் காப்பாற்றி வருவது ரகம். நெல், தக்காளி போன்றவற்றில் ரகத்தை விதை மூலமே காப்பாற்றலாம். மரங்களில் பெரும்பாலும் அது முடியாது. மல்கோவா மாங்கொட்டையை நட்டால் மல்கோவாவே வரும் என்று நம்ப முடியாது என்பது நமக்குத் தெரியும். ஒட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு மர ரகம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு மரம்தான். அந்த ஒரு மரத்தின் கிளைகள் ஆயிரக்கணக்கான ஊர்களில் வேறு வேறு வேர்களின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன. கதைக்குத் தேவையான விஷயம் இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்தச் சீனப் பேரியை அமெரிக்கர்கள் அழகுக்காகக் கொண்டுவரவில்லை, நோய்க்காகக் கொண்டுவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரைப் பேரித் தோட்டங்களைத் தீக்கருகல் என்னும் பாக்டீரியா நோய் அழித்துக்கொண்டிருந்தது. பூவும் தளிரும் நெருப்பில் வாட்டியது போல் கருகிவிடும். மெல்ல மெல்ல மரமே போய்விடும். ஓரிகன் மாநில ஆய்வாளர் ஃபிராங்க் ரெய்மர் பல பேரி இனங்களைச் சோதித்து, காலரியானா இந்த நோயை நன்றாகத் தாங்குகிறது என்று கண்டார். பேரியும் பேரியும் ஒரே பேரினம் என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்றை ஒட்டுக்கட்டலாம். எனவே கீழே காலரியானா வேர், மேலே சாப்பிடும் பேரி. இது நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு விதை ஏராளமாக வேண்டும்.

விதை சேகரிக்கச் சீனாவில் அலைந்தவர் அமெரிக்க விவசாயத் துறையின் ஃபிராங்க் மேயர். வறண்ட மலைச் சரிவிலும், தண்ணீர் தேங்கிய குட்டையிலும் அதே மரம் வளர்வதைப் பார்த்து அவர் வியந்து எழுதினார். (எங்கும் வளரும் மரம் என்பது அன்றைக்குப் பாராட்டு. இன்றைக்கு அதுவே குற்றப்பத்திரிகை.) 1918ல் யாங்சே ஆற்றில் கப்பலிலிருந்து விழுந்து மேயர் இறந்தார். ஆனால் விதைகள் வந்துகொண்டிருந்தன.

1919ல் நான்ஜிங் நகரில் வாங்கிய விதையிலிருந்து மேரிலாந்து மாநிலம் கிளென் டேல் ஆய்வுப் பண்ணையில் ஒரு மரம் வளர்ந்தது. மற்றக் காலரியானா மரங்களில் முள் இருக்கும்; இதில் இல்லை. உருவமும் அழகு. அங்கே பணியாற்றிய ஜான் கிரீச் இதன் கிளைகளை வேறு காலரியானா வேர்களில் ஒட்டுக்கட்டி, 1954ல் அருகிலிருந்த ஒரு குடியிருப்பின் தெருக்களில் நட்டுப் பார்த்தார். நன்றாக வந்தன. பண்ணையின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டின் பெயரைச் சூட்டி, 1960களின் தொடக்கத்தில் இந்த ரகத்தை வெளியிட்டார்கள். மூன்றாவது சொல் பிறந்தது இப்படித்தான்.

ஏன் இது காய்க்கவில்லை? பேரி மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. சூல்முடியில் வந்து விழும் மகரந்தம் தன்னுடையதா, அந்நியமா என்று கண்டுபிடிக்கும் மரபணு ஒன்று அவற்றில் இருக்கிறது. தன்னுடையது என்றால் மகரந்தக் குழாயை வளரவிடாமல் தடுத்துவிடும். இப்போது ஒரு தெருவில் நூறு பிராட்ஃபோர்ட் மரங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நூறு மரங்கள். மரபணுக் கணக்கில் ஒரே மரம். நூறும் ஒன்றையொன்று "நான்தான்" என்று தள்ளிவிடும். தேனீ எத்தனை முறை பறந்தாலும் காய் நிற்காது.

அதாவது பிராட்ஃபோர்ட் மலடு அல்ல. பக்கத்தில் ஜோடி இல்லை, அவ்வளவுதான். சீட்டின் மூன்றாவது சொல் ஒரே மரம் என்கிறது. இரண்டாவது சொல்லோ இதற்குச் சொந்தக்காரர்கள் நிறைய உண்டு என்கிறது.

சொந்தக்காரர்கள் வரவும் செய்தார்கள். பிராட்ஃபோர்டுக்கு ஒரு குறை இருந்தது. எல்லாக் கிளைகளும் தண்டில் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து நெருக்கமாகக் கிளம்பும். 15, 20 ஆண்டுகள் ஆனதும் காற்றோ பனியோ அடித்தால் மரம் நடுவில் இரண்டாகப் பிளந்துவிடும். வீட்டுக்காரர்கள் புகார் செய்தார்கள். நாற்றுப்பண்ணைகள் அதே சிற்றினத்திலிருந்து கிளை உறுதியான, உருவம் மாறுபட்ட ரகங்களைத் தேடி எடுத்தன. 'சாண்டிக்ளியர்', 'அரிஸ்டோக்ராட்', 'கேபிடல்', 'ஒயிட்ஹவுஸ்' என்று வரிசையாக வந்தன. பிளந்துபோன பிராட்ஃபோர்ட் இருந்த இடத்திலும், எதிர் வீட்டிலும் புது ரகத்தை நட்டார்கள்.

இவை ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் காய்க்காது. ஆனால் 'பிராட்ஃபோர்ட்' பக்கத்தில் 'அரிஸ்டோக்ராட்' நின்றால்? இரண்டும் ஒரே சிற்றினம், வெவ்வேறு மரபணு. மகரந்தம் தடையில்லாமல் ஏறியது, இரண்டும் காய்த்தன! ஒரு குறையைத் தீர்க்கக் கொண்டுவந்த மருந்தே பெரிய நோயாகிவிட்டது. கோலிக்குண்டு அளவுள்ள அந்தப் பழுப்பு நிறக் காய்களைப் பனி பட்டு மென்மையானதும் பறவைகள் தின்றன. எச்சத்தோடு விதை சாலையோரங்களிலும் கைவிட்ட வயல்களிலும் விழுந்தது.

முளைத்தவை எதுவும் பிராட்ஃபோர்ட் அல்ல. இதை மக்கள் இன்றும் குழப்பிக்கொண்டு, சாலையோரக் காட்டு மரத்தையும் பிராட்ஃபோர்ட் என்றே சொல்கிறார்கள். விதையில் முளைத்த ஒவ்வொன்றும் தனித்தனி மரபணு உள்ள புது மரம். அதை பைரஸ் காலரியானா என்று சொல்லலாம், மூன்றாவது சொல் அதற்குக் கிடையாது. அடையாளமும் எளிது: காட்டு மரங்கள் பலவற்றில் டிராக்டர் டயரையே குத்திக் கிழிக்கும் அளவுக்கு முள் இருக்கிறது. தனித்தனி மரங்கள் என்பதால் அவை தமக்குள் தாராளமாகக் காய்க்கின்றன. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தெரசா கல்லியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இந்தக் காட்டு மரங்களின் மரபணுவைப் பரிசோதித்தபோது, அவை விற்பனை ரகங்களின் கலப்புப் பிள்ளைகள் என்பது தெரியவந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. ஊரிலேயே வேறு பேரி இல்லை, ஒரே ஒரு பிராட்ஃபோர்ட்தான் இருக்கிறது என்றால் ஆபத்து இல்லையா? அப்போதும் உண்டு. அந்த மரத்தின் கீழ்ப்பாதியை மறந்துவிடக் கூடாது. ஒட்டுக்குக் கீழே இருப்பது விதையில் முளைத்த காலரியானா வேர், அதாவது இன்னொரு மரம். மேல் மரம் பிளந்தாலோ வெட்டப்பட்டாலோ ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் கிளம்பும். அதை விட்டுவைத்தால் அதுவும் பூக்கும், மேலே மிச்சமிருக்கும் பிராட்ஃபோர்டுக்கு மகரந்தம் கொடுக்கும். ஒரே குழியில் நிற்கும் இரண்டு மரங்கள் இவை. அடியிலிருந்து முள்ளோடு ஒரு கிளை வந்தால் அது வேரின் கிளை என்று சந்தேகப்படலாம். மரத்தை வெட்டியதும் அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி தடவச் சொல்வது இதனால்தான். சீட்டிலோ மேலே உள்ள ரகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். கீழே எந்த வேர் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

தடைகள் வந்தபோது எந்தச் சொல்லைத் தடுப்பது என்பதே பிரச்சினை ஆனது. 'பிராட்ஃபோர்ட்' என்ற ரகத்தை மட்டும் தடுத்தால் மற்ற ரகங்கள் கடையில் இருந்துகொண்டே இருக்கும். பைரஸ் என்ற பேரினத்தையே தடுத்தால் சாப்பிடும் பேரித் தோட்டங்கள் என்னாவது? ஓஹையோ 2023 ஜனவரியிலும், பென்சில்வேனியா 2024 பிப்ரவரியிலும் நடுவில் உள்ள சொல்லைப் பிடித்தன: பைரஸ் காலரியானா, எந்த ரகமானாலும். 2024 அக்டோபரில் தென் கரோலினா இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. பிராட்ஃபோர்டோடு, காலரியானா வேரின் மேல் ஒட்டுக்கட்டிய பேரிக் கன்றுகளையும் அது தடை செய்தது. மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் சரி.