எளிய நேரியல் தொடர்புப்போக்கு

எளிய நேரியல் தொடர்புப்போக்கு என்பது, x என்ற ஒரே ஒரு மாறியைக் கொண்டு y என்ற இன்னொரு மாறியின் சராசரி மதிப்பை ஒரு நேர்கோட்டால் கணிக்கும் புள்ளியியல் முறை. கோட்டின் சமன்பாடு ŷ = a + bx. இதில் b சாய்வு, a வெட்டுத்துண்டு. இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கப் பெரிதும் பயன்படுவது மீச்சிறு வர்க்க முறை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805-இல் வால்மீன்களின் பாதையைக் கணக்கிடுவது பற்றிய நூலில் இதை முதலில் அச்சில் வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தாமும் இதை வெளியிட்ட காவுஸ், 1795 முதலே பயன்படுத்தி வருவதாகச் சொல்லிக்கொண்டார். யார் முந்தியவர் என்ற பூசல் அப்போது மூண்டது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாக வருபவை 1920-களில் பதிவான 50 அளவீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காரின் வேகமும், நிற்பதற்குள் அது கடந்த தொலைவும் உள்ளன. எசக்கியேல் என்பவர் 1930-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற இத்தரவு, இன்று R மென்பொருளில் `cars` என்ற பெயரில் கூடவே வருகிறது. வேகம் மணிக்கு 4 முதல் 25 மைல் வரை. தொலைவு 2 முதல் 120 அடி வரை. சராசரி வேகம் x̄ = 15.4 மைல், சராசரித் தொலைவு ȳ = 42.98 அடி.

சாய்வைத் தருவித்தல்

ஒவ்வொரு புள்ளிக்கும், அளந்த தொலைவிலிருந்து கோடு சொல்லும் தொலைவைக் கழித்தால் கிடைப்பது எச்சம். எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகச் சிறியதாகும்படி a, b இரண்டையும் தேர்வதே மீச்சிறு வர்க்க முறை:

E = Σ(yᵢ − a − bxᵢ)²

பாடநூல்கள் வழக்கமாக இங்கே பகுதி வகைக்கெழுக்களைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தும். அது சரியான வழிதான். ஆனால் பள்ளி இயற்கணிதமே இதற்குப் போதும். விடை ஏன் அப்படி வருகிறது என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் b-ஐ ஏதோ ஓர் எண்ணாக நிறுத்தி வைப்போம். அப்போது yᵢ − bxᵢ என்பது வெறும் எண்களின் பட்டியல். எந்த எண்ணிலிருந்து விலக்கங்களை எடுத்தால் அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்? அந்தப் பட்டியலின் சராசரியிலிருந்து எடுக்கும்போதுதான். ஆகவே

a = ȳ − bx̄

சாய்வு எதுவாக இருந்தாலும் மிகச் சிறந்த கோடு (x̄, ȳ) என்ற சராசரிப் புள்ளி வழியாகவே செல்லும் என்பது இதன் பொருள். கார்களைப் பொறுத்தவரை அது (15.4, 42.98). இனி எஞ்சியிருப்பது, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கோட்டை எவ்வளவு திருப்புவது என்பது மட்டுமே.

இந்த a-ஐ E-இல் பதிலிட்டு விரிக்கலாம். Sxx = Σ(xᵢ − x̄)², Syy = Σ(yᵢ − ȳ)², Sxy = Σ(xᵢ − x̄)(yᵢ − ȳ) எனக் குறித்தால்

E = Syy − 2b·Sxy + b²·Sxx

இது b-இல் ஓர் இருபடிக் கோவை. வர்க்கப் பூர்த்தி செய்தால்

E = Sxx·(b − Sxy/Sxx)² + Syy − Sxy²/Sxx

கடைசி இரண்டு உறுப்புகளில் b இல்லை. முதல் உறுப்பு குறைமதிப்பு ஆகாது. அது பூச்சியமாகும் ஒரே இடம்

b = Sxy / Sxx

இதுவே சாய்வு. வேகங்கள் எல்லாம் ஒன்றாகவே இருந்தால் Sxx பூச்சியமாகிவிடும். அப்போது சாய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. கார் தரவில் Sxy = 5387.4, Sxx = 1370. எனவே b ≈ 3.93, a = 42.98 − 3.9324 × 15.4 ≈ −17.58.

சூத்திரத்தை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். சராசரிப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு தரவுப் புள்ளிக்கும் ஒரு கோடு இழுத்தால் 50 சாய்வுகள் கிடைக்கும். (xᵢ − x̄)²-ஐ எடையாகக் கொண்ட அவற்றின் நிறையிட்ட சராசரியே b. ஆகவே எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே செல்வாக்கு இல்லை. மணிக்கு 15 மைல் வேகத்தில் அளந்த காரின் எடை 0.4² = 0.16; அதன் தொலைவு மாறினாலும் சாய்வு பெரிதாக அசைவதில்லை. 4 மைல் வேகத்தில் அளந்த காருக்கோ 11.4² ≈ 130. அவ்வேகத்தில் உள்ளவை இரண்டே அளவீடுகள். 50-இல் அந்த இரண்டும் சேர்ந்து மொத்த எடையில் ஏறத்தாழ 19 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சாய்வின் மீது ஐயம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இப்படி இரு கோடிகளிலும் நிற்கும் புள்ளிகளே.

சாய்வு சொல்வது என்ன

சாய்வுக்கு அலகு உண்டு: y-இன் அலகை x-இன் அலகால் வகுத்தது. இங்கே அது மைல் வேகத்துக்கு இத்தனை அடி. ஒரு கார் இன்னொன்றைவிட மணிக்கு ஒரு மைல் கூடுதல் வேகத்தில் வந்திருந்தால், அது நிற்க எடுத்த தொலைவு சராசரியாக 3.9 அடி அதிகம் என்பதே சரியான வாசிப்பு. ‘சராசரியாக’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 24 மைல் வேகத்தில் நான்கு அளவீடுகள் உள்ளன: 70, 92, 93, 120 அடி. கோடு அங்கே சொல்வது சுமார் 77. அலகை மாற்றினால் எண்ணும் மாறும்: கிலோமீட்டர் வேகத்துக்கு மீட்டர் என்று கணக்கிட்டால் இதே சாய்வு சுமார் 0.74. ஆகையால் ஒரு சாய்வு பெரியதா சிறியதா என்பதை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

வெட்டுத்துண்டை அப்படியே வாசித்தால், நின்றுகொண்டிருக்கும் கார் நிற்க −17.6 அடி எடுக்கும் என்றாகும். கணக்கில் பிழையில்லை. தரவு தொடங்குவதே 4 மைலில். அங்கேயே கோடு −1.8 அடி என்கிறது, அளந்ததோ 2-உம் 10-உம். கோடு தரவை மீறி இடப்பக்கம் நீண்டபோது இந்த அபத்தம் இன்னும் பெருகியது.

இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. பிரேக் பிடித்த பின் கார் கடக்கும் தொலைவு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். உண்மையான உறவு மேல்நோக்கி வளையும். எச்சங்களே இதைக் காட்டிக்கொடுக்கின்றன. 4 மைலில் இரண்டு கார்களும் கோட்டுக்கு மேலே. 15 முதல் 17 மைல் வரையிலான எட்டில் ஆறு கோட்டுக்குக் கீழே. 24 மைலில் நான்கில் மூன்று மீண்டும் மேலே. எச்சங்கள் இப்படி மேல், கீழ், மேல் என்று வரிசை கட்டினால் கோடு வளைவை விழுங்கியிருக்கிறது என்று பொருள். ஆக 3.9 என்பது எல்லா வேகத்துக்கும் பொருந்தும் மாறிலி அன்று. 4 முதல் 25 மைல் வரையிலான ஏற்றத்தின் ஒருவகைச் சராசரி. மெதுவான கார்களுக்கு உண்மையான ஏற்றம் இதைவிடக் குறைவு, வேகமானவற்றுக்கு அதிகம்.

வலப்பக்கம் நீட்டினால் பிழை இன்னும் ஆபத்தானது. கோட்டின்படி 20 மைலில் 61 அடி, 60 மைலில் சுமார் 218 அடி. தொலைவு முழுவதும் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதாகக் கொண்டால், மும்மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு தொலைவு: 61 அடி சுமார் 550 அடியாகிவிடும்.

இன்னொன்று, இந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்த முடியாது. சாலையில் கார் கடந்த தொலைவைக் கொண்டு வேகத்தைக் கணிக்க விரும்புபவர் 1/3.93, அதாவது அடிக்கு 0.25 மைல் என்று எடுத்துக்கொள்வார். ஆனால் இப்போது குறைக்க வேண்டியவை வேகத்தின் எச்சங்கள். எனவே சாய்வு Sxy/Syy. Syy சுமார் 32,539 என்பதால் அது 0.166 மட்டுமே. இரு சாய்வுகளையும் பெருக்கினால் 0.65, இது ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கம். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் அமர்ந்து அப்பெருக்கல் 1 ஆனால் மட்டுமே இரண்டு கோடுகளும் ஒன்றாகும்.