1500 மீட்டர் ஓட்டத்தின் சுற்று நேரப் பட்டியல்

சுற்று நேரப் பட்டியல் என்பது ஓட்டக்காரர் மைதானத்தின் ஒவ்வொரு சுற்றையும் முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை ஸ்டாப்வாட்ச் வரிசையாகக் காட்டும் பதிவு. பயிற்சியாளரின் கைபேசித் திரையில் உள்ள அந்தப் பட்டியலைப் படமெடுத்து, அதிலிருந்து இரண்டு செய்திகளைக் கணிக்கலாம். ஒன்று, ஓட்டம் முழுவதற்குமான சராசரி வேகம். மற்றொன்று, எந்தச் சுற்றுக்கும் அதற்கு அடுத்த சுற்றுக்கும் இடையே நேரம் அதிகமாகக் குறைந்தது என்பது. கணக்கு எளியது. ஆனால் 1500 மீட்டரில் சுற்றுகள் சம நீளம் கொண்டவை அல்ல என்பதால், பட்டியலை அப்படியே கூட்டி வகுத்தால் இரண்டு விடைகளுமே தவறாக வரும்.

பின்னணி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. திண்டுக்கல் போன்ற ஊர்களில் விளையாட்டரங்கிலும் பள்ளி, கல்லூரி மைதானங்களிலும் காலையில் நடக்கும் காவலர் தேர்வுப் பயிற்சிக்கு இந்த 7 நிமிடமே அளவுகோல். 420 விநாடியை 1500 மீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. எந்தப் பட்டியலையும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டால்தான் அது எதையாவது சொல்லும்.

400 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. முறையான போட்டியில் முடிவுக் கோட்டுக்கு 300 மீட்டர் முன்னால் ஓட்டம் தொடங்கும். பயிற்சியாளர் முடிவுக் கோட்டில் நின்று, ஓட்டக்காரர் கடக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவார். ஆகவே பட்டியலின் முதல் வரி 300 மீட்டருக்கு உரியது. அடுத்த மூன்றும் 400 மீட்டருக்கு உரியவை. சில மைதானங்களில் வசதிக்காக முடிவுக் கோட்டிலேயே ஓட்டத்தைத் தொடங்குவார்கள். அப்போது கடைசி வரிதான் 300 மீட்டர். மற்றவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நேரம் காட்டும் வரி எது என்று பார்த்தால் எந்த முறையில் ஓடினார்கள் என்பது தெரிந்துவிடும்.

400 மீட்டர் தடத்துக்கு இடமில்லாத பள்ளி மைதானங்களில் 200 மீட்டர் தடம் போடப்படுகிறது. அங்கே 1500 மீட்டர் ஏழரைச் சுற்று. அரைச் சுற்று ஒன்று தனித்து நிற்கும். ராணுவத் தேர்வின் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் 400 மீட்டர் தடத்தில் சரியாக நான்கு முழுச் சுற்று என்பதால் அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

படத்தைப் படித்தல்

கைபேசி ஸ்டாப்வாட்ச்கள் பொதுவாகக் கடைசிச் சுற்றை மேலேயும் முதல் சுற்றைக் கீழேயும் காட்டும். சிலவற்றில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள் இருக்கும்: ஒன்று அந்தச் சுற்றுக்கு மட்டும் ஆனது, மற்றொன்று தொடக்கத்திலிருந்து அதுவரை ஆனது. ஐபோனில் சுற்று நேரம் மட்டும் பட்டியலில் வரும். மொத்த நேரம் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். ஆகவே படத்தைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, வரிகளின் எண்களைப் பார்த்து 1, 2, 3 என்று கீழிருந்து மேலாக எழுதிக்கொள்வது. எண் ஒன்று விடுபட்டிருந்தால் பட்டியல் முழுதும் படத்தில் விழவில்லை என்று பொருள்.

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த ஒரு பட்டியல். மொத்த நேரம் 6:52.48.

| சுற்று | தூரம் | சுற்று நேரம் | அதுவரை |
|---|---|---|---|
| 4 | 400 மீ. | 1:47.61 | 6:52.48 |
| 3 | 400 மீ. | 1:55.08 | 5:04.87 |
| 2 | 400 மீ. | 1:51.37 | 3:09.79 |
| 1 | 300 மீ. | 1:18.42 | 1:18.42 |

வெயிலில் எடுத்த படத்தில் திரையின் பளபளப்பு எண்களை மறைக்கும். 0, 8 ஆகவும், 3, 8 ஆகவும், 1, 7 ஆகவும் தோன்றுவது வழக்கம். சரிபார்க்க ஒரே வழி கூட்டல்தான்: சுற்று நேரங்களின் கூட்டுத்தொகை மொத்த நேரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மேலுள்ள நேரங்களை விநாடியாக்கினால் 78.42, 111.37, 115.08, 107.61. கூட்டினால் 412.48, அதாவது 6:52.48. பொருந்துகிறது.

பொருந்தாவிட்டால், வித்தியாசமே தவறு இருக்கும் இடத்தைக் காட்டும். மூன்றாம் சுற்றை 1:55.88 என்று படித்திருந்தால் கூட்டுத்தொகை 0.80 கூடும். பத்தில் ஒரு பங்கு விநாடி இடத்தில் எட்டு கூடியிருக்கிறது என்றால் அங்கே 0, 8 ஆகப் படிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் சரியாக 6 விநாடியானால் விநாடியின் ஒன்றாம் இடத்தில் 1, 7 குழப்பத்தைத் தேட வேண்டும். ஓரிரு நூறில் ஒரு பங்கு விநாடி மட்டும் குறைந்தால் அது படிப்பதில் வந்த பிழை அல்ல. திரை கடைசி இலக்கங்களை வெட்டிக் காட்டுவதால் வருவது.

சராசரி வேகம்

ஓட்டக்காரர்கள் 'பேஸ்' என்று சொல்வது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை. எண் குறைந்தால் வேகம் கூடியது என்று பொருள். மொத்த விநாடியை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தால் அது கிடைக்கும். 412.48-ஐ 1.5-ஆல் வகுக்க 274.99 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 35 விநாடி. 400 மீட்டருக்கு வேண்டுமானால் 3.75-ஆல் வகுக்க வேண்டும். விடை 109.99 விநாடி, ஏறத்தாழ 1:50. தேர்வுக்குத் தேவையான 1:52-ஐ விடச் சுற்றுக்கு இரண்டு விநாடி குறைவு.

பொதுவாக நேரும் தவறு, வரிகள் நான்கு என்பதால் நான்கால் வகுப்பது. விடை 103.12 விநாடி, அதாவது 1:43 என்று வரும். அந்தக் கணக்கில் இவர் 1500 மீட்டரை 6:27-க்கு ஓடக்கூடியவர் போலத் தெரிவார். உண்மையில் ஓடியது 6:52. தேர்வின் எல்லைக்கு 8 விநாடியே மிச்சம் இருப்பவருக்கு 33 விநாடி மிச்சம் இருப்பதாகக் காட்டும் கணக்கு இது. இன்னொரு தவறு, 1:52-ஐக் கணிப்பானில் 1.52 என்று இடுவது. நிமிடத்துக்கு 60 விநாடி என்பதால் எல்லா நேரத்தையும் முதலில் விநாடியாக்கி, விடையை மட்டும் மீண்டும் நிமிடமாக்க வேண்டும்.

சுற்றுக்குச் சுற்று முன்னேற்றம்

முன்னேற்றம் என்பது முந்தைய சுற்று நேரத்திலிருந்து அடுத்த சுற்று நேரத்தைக் கழித்து வருவது. ஒப்பிடும் சுற்றுகள் ஒரே தூரமாக இருக்க வேண்டும். ஆகவே முதல் 300 மீட்டரை 400 மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்: 78.42-ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுக்க 104.56 விநாடி. இப்போது வரிசை 104.56, 111.37, 115.08, 107.61.

முதலிலிருந்து இரண்டாம் சுற்றுக்கு 6.81 விநாடி கூடியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மேலும் 3.71 கூடியது. மூன்றிலிருந்து நான்குக்கு 7.47 விநாடி குறைந்தது. ஆகப் பெரிய முன்னேற்றம் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில். மூன்றாம் சுற்று நேரத்தில் அது 6.5 சதவீதம்.

வேகமான சுற்றும் பெரிய முன்னேற்றம் கண்ட சுற்றும் ஒன்றல்ல. இந்தப் பட்டியலில் வேகமானது முதல் சுற்று. பெரிய முன்னேற்றம் கண்டது நான்காவது. ஐபோன் மிகக் குறைந்த நேரத்தைப் பச்சையிலும் மிக அதிகமானதைச் சிவப்பிலும் காட்டும். ஆனால் தூரம் அதற்குத் தெரியாது. இங்கே அது முதல் வரியைப் பச்சையாக்குவது 300 மீட்டர் என்பதால். மாற்றிக் கணக்கிட்ட பிறகும் அதே சுற்று முந்தி நிற்பது தற்செயல்.

படத்தை மேலிருந்து கீழாகப் படித்து, தூரத்தையும் மாற்றாமல் விட்டால், 111.37-லிருந்து 78.42-க்கு 32.95 விநாடி முன்னேற்றம் என்று வரும். பயிற்சி ஓட்டத்தில் ஒரே சுற்றில் அரை நிமிடம் குறையாது. அப்படி ஓர் எண் வந்தால் வரிசை தலைகீழாக இருக்கிறதா, தூரம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்னேற்றத்தின் இடமும் பொருளுள்ளது. மேலுள்ள ஓட்டக்காரர் முதல் 300 மீட்டரைத் தேவைக்கு மேல் வேகமாக ஓடி, நடுவில் தளர்ந்து, கடைசிச் சுற்றில் மீண்டிருக்கிறார். கடைசியில் 7 விநாடி குறைக்க முடிந்தவரிடம் மூன்றாம் சுற்றிலும் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும். அவர் திருத்த வேண்டியது தொடக்க வேகத்தை.

பிழைகளும் வரம்பும்

பொத்தானை அழுத்துவதில் நேரும் பிழை பட்டியலில் இரட்டிப்பாகத் தெரியும். மூன்றாம் சுற்றின் முடிவில் பயிற்சியாளர் அரை விநாடி தாமதமாக அழுத்தினால் மூன்றாம் சுற்றில் அரை விநாடி கூடும். நான்காம் சுற்றில் அதே அரை விநாடி குறையும். இரண்டையும் கழிக்கும்போது ஒரு விநாடி முன்னேற்றம் இல்லாத இடத்தில் தோன்றும். மொத்த நேரத்தை இது பாதிக்காது. எனவே சராசரியை நம்பும் அளவுக்குச் சுற்று வித்தியாசத்தை நம்ப முடியாது. கையால் எடுத்த பட்டியலில் ஒரு விநாடிக்குட்பட்ட வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதே நல்லது.

விரல் இரண்டு முறை பட்டால் 0:00.31 போன்ற ஒரு வரி வரும். அதை அடுத்த வரியோடு கூட்டிவிட வேண்டும். ஒருமுறை அழுத்தத் தவறினால் மூன்றே முக்கால் நிமிடம் போன்ற நீண்ட வரி வரும். அது இரண்டு சுற்று. சராசரிக்கு அதை அப்படியே பயன்படுத்தலாம். இரண்டாகப் பிரித்து முன்னேற்றம் கணிக்கக் கூடாது.

ஓடிய தடமும் கவனிக்க வேண்டியது. 400 மீட்டர் என்பது உள்பக்க முதல் தடத்தின் நீளம். கூட்டமாக ஓடும்போது ஒரு சுற்று முழுவதும் இரண்டாம் தடத்தில் ஓட நேர்ந்தால் ஏறத்தாழ 7 மீட்டர் கூடும். இந்த வேகத்தில் அது 2 விநாடி. மேலுள்ள பட்டியலில் 3.71 விநாடித் தளர்வில் பாதிக்கு மேல் இப்படியும் வந்திருக்கலாம். 7.47 விநாடி முன்னேற்றத்தை இந்தக் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது.

வெவ்வேறு நாள்களின் பட்டியல்களை ஒப்பிடும்போது இடமும் வேளையும் ஒன்றாக இருக்க வேண்டும். சமவெளியில் உள்ள திண்டுக்கல்லில் காலை ஓட்டமும் வெயில் ஏறிய பிறகு ஓடுவதும் ஒன்றல்ல. அதே மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலில் காற்றில் பிராணவாயு அழுத்தம் குறைவு. அங்கே ஓடிய 1500 மீட்டர் நேரத்தைத் திண்டுக்கல் நேரத்தோடு வைத்து முன்னேற்றமோ பின்னடைவோ கணிக்க இயலாது.