நெகிழ்வுப் புள்ளி: மென் எஃகும் அலுமினியமும்

மென் எஃகுக் கம்பியை இழுவைச் சோதனைக் கருவியில் இழுத்தால், தகைவு–திரிபு வரைகோடு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் வரை நேராக ஏறி, சட்டென்று சற்றே இறங்கி, பிறகு கிடையாக ஓடும். அந்த இறக்கமே நெகிழ்வுப் புள்ளி. அலுமினியத்தின் கோடோ எங்கும் முறியாமல் மெல்ல வளைந்து செல்லும்.

உலோகம் நிலையாக நீள்வது அதன் படிக அடுக்கில் உள்ள கோட்டுப் பிசகுகள் நகர்வதால்தான். எஃகில் கரைந்துள்ள கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை. இரும்பணுக்களின் இடுக்குகளில் ஊர்ந்து, பிசகுகளைச் சுற்றித் திரண்டு அவற்றைப் பூட்டிவிடுகின்றன. 1949இல் காட்ரெல், பில்பி இருவரும் தந்த விளக்கம் இது. பூட்டை உடைக்கக் கூடுதல் தகைவு வேண்டும்; உடைந்தபின் குறைந்த தகைவே போதும். அப்போது கம்பியின் மெருகிட்ட பரப்பில் சாய்வான பட்டைகள் தோன்றிப் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம்.

இதைச் சோதிப்பதும் எளிது. நெகிழ்ந்த கம்பியைத் தளர்த்தி உடனே மீண்டும் இழுத்தால் இறக்கம் தோன்றாது. சில மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து இழுத்தால் அது திரும்பிவிடும். அணுக்கள் மறுபடி பிசகுகளை வந்தடைந்திருக்கும்.

அலுமினியத்தில் அப்படி இடுக்கில் கரையும் அணுக்கள் இல்லாததுபோலத்தான். எனவே அதில் தெளிவான நெகிழ்வுப் புள்ளி தோன்றாததால், பொறியாளர்கள் 0.2 விழுக்காடு நிலைத்திரிபு தரும் தகைவையே அதன் நெகிழ்வு வலிமையாகக் கொள்கின்றனர். மக்னீசியம் கலந்த சில அலுமினியக் கலவைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் எஃகைப் போன்ற பட்டைகள் தோன்றுவதுண்டு.