தள்ளுனா தண்ணி சிந்தும்

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆறு வயதில் எங்கள் வகுப்புச் சுவரில் பிரெஞ்சில் அச்சடித்த விதிப் பட்டியல் தொங்கும். எங்களால் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட முடியாது. ஆனால் மீறினால் அடி மட்டும் விழும்.

அதே மொழியில் வேறொரு பள்ளிக்கூட வழக்கமும் இருந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட செலஸ்தேன் ஃப்ரெனே, 1920-இல் தென் பிரான்சின் ஒரு சிற்றூரில் ஆசிரியரானார். அவர் வழி நடந்த வகுப்புகளில் சுவரில் ஒரு தாள் இருக்கும். வாரம் முழுவதும் பிள்ளைகள் அதில் குறை, பாராட்டு, வேண்டுகோள் என்று எழுதுவார்கள். வாரக் கடைசியில் கூடிப் பேசி, வகுப்பின் விதிகளை அவர்களே முடிவு செய்வார்கள்.

எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பில் இது நடக்குமா? ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் செய்து பார்த்தாள். "என்ன விதி வேண்டும்?" என்று அவள் கேட்கவில்லை. "நேத்து உங்களுக்கு எது பிடிக்கல?" என்றுதான் கேட்டாள். குழாயடியில் தள்ளுகிறார்கள் என்று பதில் வந்தது. "வரிசையில் நிற்கவும்" என்று எழுத நினைத்தவள், ஒரு சிறுமி சொன்ன "தள்ளுனா தண்ணி சிந்தும்" என்பதையே எழுதினாள்.

தவறு படத்தில் நேர்ந்தது. தள்ளும் பையனை வரைந்து குறுக்கே பெருக்கல் குறி போட்டார்கள். மறுவாரம் அதைக் காட்டி என்னவென்று கேட்டபோது, "தள்ளுறான் மிஸ்" என்று சிரித்தார்கள். குறி அவர்கள் கண்ணில் படவில்லை, தள்ளுவதுதான் பட்டது. "அப்போ எப்படி நிக்கணும்?" என்றாள். "ரயில் பெட்டி மாதிரி" என்றான் ஒருவன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர்ப் பிள்ளையாயிற்றே! பழைய படத்தை எல்லோர் முன்னாலும் கழற்றிவிட்டு ரயிலை ஒட்டினார்கள்.

எல்லோர் முன்னாலும் மாற்றியதில்தான் விஷயம் இருக்கிறது. ழான் பியாஜே, கோலி ஆடும் சுவிஸ் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டு, 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் தந்ததாக, மாற்றவே முடியாததாக நினைக்கிறார்கள் என்றார். தண்டனையும் கடுமையாக இருக்க வேண்டும் என்பார்களாம். இங்கேயும் ஒருவன், "தள்ளுனவனுக்கு நாள் பூரா தண்ணி கிடையாது" என்றான். "உனக்கே தாகம் எடுத்தா?" என்று மகள் கேட்டாள். அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

விதிகள் நான்கோடு நிறுத்தப்பட்டன. நான்காவது, "மிஸ்ஸும் கத்தக் கூடாது". பிள்ளைகளின் கைரேகைகளுக்குக் கீழே என் மகளும் பெருவிரல் பதித்தாள்.

"அதைக் காப்பாத்துறதுதான்ப்பா கஷ்டம்," என்கிறாள். முப்பது வருடம் சுற்றறிக்கைகளுக்கு நகல் எடுத்தவன் நான். மேலதிகாரியும் கையெழுத்திட்டுக் கட்டுப்பட்ட ஒன்றை, அங்கே நான் பார்த்ததில்லை.